ஐந்து சனிக்கிழமை வந்த மாதம்: 24 மணி நேரக் கணக்கைச் சரிசெய்த கதை

டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் என் அத்தை கல்யாண மேடை அலங்காரத் தொழில் நடத்துகிறார். முழுநேரமாக இரண்டு பேர், அவர்களைத் தவிர பெரும்பாலும் சனிக்கிழமைகளில் வந்து போகிற ஆறு பேர். மண்டபத்தில் துணி கட்டுவது, மேடை போடுவது, விளக்கு மாட்டுவது, இரவில் எல்லாவற்றையும் அவிழ்த்து வண்டியில் ஏற்றுவது என்று வேலை இருக்கும். கணக்கு வழக்கு என் பொறுப்பு, ஞாயிறு மாலைகளில் உட்கார்ந்து பார்ப்பேன். 2025 மே மாதக் கணக்கில் நான் செய்த தவறையும் அதைச் சரிசெய்த விதத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் சனிக்கிழமை ஆட்களை வைத்துத் தொழில் செய்கிற நம்மவர்கள் நிறையப் பேரிடம் இதே மாதிரி ஷீட்தான் இருக்கிறது.

முதலில் வரம்பு என்ன என்று சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் ஒரே முதலாளியிடம் மாதத்துக்கு 24 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்கிறவர் யூஐஎஃப் என்ற வேலையின்மைக் காப்பீட்டுத் திட்டத்துக்குள் வரமாட்டார். 1997-ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டத்தில் விடுப்பு பற்றிய பகுதியும், வேலை விவரத்தை எழுத்தில் கொடுக்கவேண்டிய பகுதியும், வேலையை விட்டு நிறுத்த முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டிய பகுதியும் அவருக்குப் பொருந்தாது. 24-ஐத் தொட்டுவிட்டால் இவை எல்லாம் வந்துவிடும். வேலை போனால், உடம்பு முடியாமல் போனால், குழந்தை பிறந்தால் யூஐஎஃப்பில் இருந்து பணம் கேட்கலாம் என்பதும் அதில் அடக்கம். ஆக இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறோமா இந்தப் பக்கம் இருக்கிறோமா என்பது வேலை செய்கிறவருக்குப் பெரிய விஷயம். சட்டத்தில் இருக்கிற சொல் "குறைவாக". சரியாக 24 என்றால் தாண்டியாகிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அத்தையின் கணக்கு மனக்கணக்கு. "ஒரு சனிக்கிழமைக்கு அஞ்சரை மணி நேரம், நாலு சனிக்கிழமை, இருபத்திரண்டு. அதுக்கு மேல போகாதும்மா" என்பார். பகல் 12 மணிக்கு வந்து மாலை 6-க்குப் போவார்கள், நடுவில் அரை மணி நேரம் சாப்பாடு, அதனால் ஐந்தரை. பல வருடமாக இதே கணக்குத்தான், நானும் அதை அப்படியே ஷீட்டில் ஏற்றியிருந்தேன். வந்த நேரம், போன நேரம், சாப்பாட்டு நேரம் போட்டால் மாத மொத்தம் வரும், 24-ஐத் தாண்டினால் அந்தக் கட்டம் சிவப்பாக மாறவேண்டும். ஒரு வருடமாக ஒரு கட்டமும் சிவப்பாக மாறவில்லை. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 1, ஞாயிறு மாலை மே மாதத்தை முடிக்க உட்கார்ந்தேன். ஷீட்டில் ஆட்களுக்குப் பெயர் போடாமல் S1, S2 என்று எண் கொடுத்திருக்கிறேன். இரண்டே சனிக்கிழமை வந்த S1-க்கு 11:00 என்று காட்டியது. S4, துணி மடிப்பு வேலையில் எங்களிடம் இருப்பவர்களிலேயே கை தேர்ந்த அக்கா, மேயில் ஒரு சனிக்கிழமை கூட விடாமல் வந்தவர், அவருக்கு 07:00 என்று காட்டியது. யாரைவிடவும் அதிகம் வேலை செய்தவருக்கு யாரைவிடவும் குறைவான நேரம். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

கூட்டலைக் கையால் போட்டுப் பார்த்தேன். மே 3 அன்று 5.5, 10 அன்று 6, 17 அன்று 5.75, 24 அன்று 5.5, 31 அன்று 8.25. மொத்தம் 31 மணி நேரம். அந்தக் கட்டத்தின் வடிவம் `hh:mm`, அதாவது சுவர்க் கடிகாரம் மாதிரி. கடிகாரம் 24-க்கு அப்புறம் மறுபடி பூஜ்யத்தில் இருந்து தொடங்கும். 31-இல் 24 போனால் மீதி 7. நாங்கள் காவல் காக்க வேண்டிய எண்ணே 24, அந்த எண்ணைத் தொட்டதும் ஷீட் அதை விழுங்கிவிட்டு மீதியை மட்டும் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கட்டத்தின் வடிவத்தை `[h]:mm` என்று மாற்றியதும் 31:00 என்று வந்தது. அந்தச் சதுர அடைப்புக்குறி இருந்தால்தான் மணி நேரம் 24-க்கு மேலும் ஏறும்.

சரி, காட்டுவதுதான் தவறு, சிவப்பாவது எரிந்திருக்க வேண்டுமே? அது ஏன் எரியவில்லை என்பது தனிக் காரணம், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். ஷீட்டுக்கு உள்ளே நேரம் என்பது நாளின் ஒரு பங்கு. ஒரு முழு நாள் 1, ஆறு மணி நேரம் 0.25, 31 மணி நேரம் என்பது 1.29 சொச்சம். நான் வைத்திருந்த நிபந்தனை "24-க்கு மேல் போனால் சிவப்பு". அது 1.29-ஐ 24-ஓடு ஒப்பிட்டுப் பார்த்து, குறைவுதான் என்று பேசாமல் இருந்துவிட்டது. உண்மையில் அந்தச் சிவப்பு எரிய ஒருவர் ஒரே மாதத்தில் 24 முழு நாள், அதாவது 576 மணி நேரம், வேலை செய்திருக்க வேண்டும். உங்கள் ஷீட்டில் இந்தக் கோளாறு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு: மொத்தக் கட்டத்தின் வடிவத்தை வெறும் எண்ணாக மாற்றிப் பாருங்கள். 1-க்குப் பக்கத்தில் ஏதாவது தசம எண் வந்தால் நீங்களும் நாளைத்தான் மணி நேரம் என்று நினைத்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி மே மாதத்துக்கே வருகிறேன். மே 2025-இல் ஐந்து சனிக்கிழமைகள், 3, 10, 17, 24, 31. அத்தையின் ஐந்தரை மணிக் கணக்கை அப்படியே வைத்தாலும் ஐந்து தரம் போட்டால் 27.5. கூடுதலாக ஒரு நிமிடமும் யாரும் நிற்காமலே கோடு தாண்டிவிடுகிறது. வருடத்தில் நாலு மாதமாவது இப்படி வரும், 2025-இல் மார்ச், மே, ஆகஸ்ட், நவம்பர். இதை யாரும் தவறு என்றே நினைக்கமாட்டார்கள், வழக்கம்போல் ஆளைக் கூப்பிடுவார்கள், வழக்கம்போல் ஆள் வருவார், மாதம் மட்டும் நீளமாக இருக்கும்.

அடுத்தது 31-ஆம் தேதி. அன்று மாலை வரவேற்பு என்பதால் S4 அக்கா 4 மணிக்கு வந்து, மண்டபம் காலியானதும் எல்லாவற்றையும் அவிழ்த்து ஏற்றிவிட்டு, 12:45-க்குப் போயிருக்கிறார். 12 மணிக்கு அப்புறம் ஜூன் 1. சட்டத்தில் மாதம் என்றால் காலண்டர் மாதம், ஆகவே அந்த முக்கால் மணி நேரம் ஜூனுக்குப் போகவேண்டும். எங்கள் ஷீட் வந்த தேதியை மட்டும் பார்த்து முழுவதையும் மேயில் போட்டிருந்தது. இதற்குப் பெரிய சூத்திரம் எழுத முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டேன், மாதக் கடைசி இரவு வேலையை இரண்டு வரியாகப் பிரித்து எழுதுவதுதான் எளிது. மே 31-க்கு 16:00 முதல் 0:00, ஜூன் 1-க்கு 0:00 முதல் 0:45. வருடத்தில் ஒன்றிரண்டு தரம்தான் வரும், கையால் செய்தால் போதும். சம்பளத்தை 26-ஆம் தேதியில் இருந்து 25-ஆம் தேதி வரை கணக்கிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும், அந்தச் சம்பள மாதத்தின் மொத்தம் இந்த வரம்புக்கு உதவாது.

அந்த வாரமே S4 அக்காவிடம் நேரில் பேசினேன். நேரங்கள் சரியா என்று ஒவ்வொரு நாளாகப் படித்துக் காட்டினேன். எல்லாம் சரிதான் என்றவர் சாப்பாட்டு அரை மணி நேரத்தில் நின்றார். "நான் எங்க தம்பி சாப்பிடப் போறேன்? வண்டிக்குப் பக்கத்துல நின்னுதான் சாப்பிடுறேன். உள்ள இருக்கிற வெள்ளித் தூணையும் விளக்கையும் யாராவது பார்க்கணுமே. பூக்காரர் வந்தா நான்தானே இறக்கணும்." அவர் குறையாகச் சொல்லவில்லை, நடப்பதைச் சொன்னார். எனக்கு மனசு சங்கடமாகப் போய்விட்டது. சாப்பாட்டு இடைவேளையில் வேலைக்குத் தயாராக நிற்கச் சொன்னால் அந்த நேரத்துக்கும் கூலி கொடுக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அப்படியென்றால் அது வேலை நேரம்தான். நாங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் அரை மணி நேரக் கூலியைப் பிடித்திருக்கிறோம், மணிக் கணக்கிலும் அதைக் கழித்திருக்கிறோம்.

இந்த அரை மணி நேரத்தைத் திரும்பச் சேர்த்ததும் வேறொன்று தெரிந்தது. ஒரு சனிக்கிழமை ஐந்தரை இல்லை, ஆறு. நாலு சனிக்கிழமை மட்டும் இருக்கிற சாதாரண மாதத்திலேயே 6 x 4 = 24. சரியாகக் கோட்டின் மேல். அத்தை பத்திரமாகக் குறைவு என்று நினைத்திருந்த 22 என்ற எண்ணே அந்த அரை மணி நேரத்தின் மேல்தான் நின்றிருக்கிறது.

S4 அக்காவின் மே மாதத்தை மறுபடி போட்டேன். 6, 6.5, 6.25, 6, 31-ஆம் தேதி நள்ளிரவு வரை 8. மொத்தம் 32.75 மணி நேரம். மணிக்கு 40 ரேண்ட் வீதம் 1,310 ரேண்ட். யூஐஎஃப் அவர் பங்கு 1 சதவீதம், எங்கள் பங்கு 1 சதவீதம், அதாவது 13.10 ரேண்டும் இன்னொரு 13.10 ரேண்டும். விடுப்பு, 17 மணி நேர வேலைக்கு ஒரு மணி நேரம் என்ற முறையில் எழுதிக்கொண்டால் 32.75-க்கு ஏறக்குறைய 1 மணி 56 நிமிடம், கூலியில் 77 ரேண்ட். மொத்தமாக எங்கள் கையில் இருந்து கூடுதலாகப் போவது 90 ரேண்ட் சுற்றி. ஒரு மேடைக்குச் செலவாகும் குண்டூசியும் நூலும் கூட அதைவிட அதிகம். அத்தையிடம் இந்தத் தொகையைக் காட்டினேன், "இதுக்கா இத்தனை வருஷம் பயந்துட்டு இருந்தோம்" என்றார். அவருக்குக் காசு பயம் இருந்ததில்லை, படிவம் பயம்தான். முழுநேர ஆட்கள் இரண்டு பேருக்காக நாங்கள் யூஐஎஃப்பில் ஏற்கனவே பதிவு செய்திருந்தோம், அதனால் மாத அறிக்கையில் ஒரு பெயரைச் சேர்த்தால் போதுமாக இருந்தது. அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் அனுப்பவேண்டும், ஜூன் 5 அன்று அனுப்பிவிட்டேன். பிடித்த அரை மணி நேரக் கூலியைப் பழைய மாதங்களுக்கும் நோட்டைப் பார்த்து எண்ணிக் கொடுத்தோம். நோட்டில் அந்த மாதங்களிலும் கோடு தாண்டியிருந்தது தெரிந்தது, அந்தப் பழைய மாதங்களின் யூஐஎஃப்பையும் ஒவ்வொன்றாகத் திருத்தி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ஷீட் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். ஒரு வரி ஒரு வேலை. A தேதி, B ஆள் எண், C திட்டமிட்ட மணி நேரம், D வந்த நேரம், E போன நேரம், F உண்மையாகவே ஓய்வாக இருந்த நிமிடம், G கணக்கில் சேரும் மணி நேரம்.

```
=IF(E2="", C2, ROUND(MOD(E2-D2,1)*24 - F2/60, 4))
```

போன நேரம் இன்னும் எழுதவில்லை என்றால் திட்டமிட்டதை எடுத்துக்கொள்ளும், எழுதிவிட்டால் உண்மையை எடுத்துக்கொள்ளும். `*24` தான் நாளை மணி நேரமாக மாற்றுகிறது, ஆகவே G வெறும் எண், அதற்கு நேர வடிவம் கொடுக்கவேண்டாம். `MOD` நள்ளிரவைத் தாண்டிப் போகிறவர்களுக்காக. `ROUND` எதற்கு என்றால், நேரத்தைக் கழித்துப் பெருக்கும்போது சில சமயம் 6-க்குப் பதில் 5.9999999 என்று உள்ளே நிற்கும், கண்ணுக்கு 6 என்றே தெரியும். நாலு தரம் கூட்டினால் 24-க்கு ஒரு தூசி குறைவு, "குறைவாக" என்ற நிபந்தனை நிறைவேறிவிட்டதாக ஷீட் சொல்லிவிடும். கோட்டின் மேலேயே நிற்கிற ஆளுக்கு இந்தத் தூசி முக்கியம்.

இன்னொரு தாளில் ஆள் எண் A பத்தியில், மேலே B1-இல் மாதத்தின் முதல் தேதி. B2-இல் இது, வேலைத் தாளின் பெயர் `log`:

```
=ROUND(SUMIFS(log!G:G, log!B:B, $A2, log!A:A, ">="&B$1, log!A:A, "<"&EDATE(B$1,1)), 2)
```

உங்கள் கணினி தென்னாப்பிரிக்க அமைப்பில் தசமத்துக்குக் கமா வைத்திருந்தால் சூத்திரத்துக்குள் கமாவுக்குப் பதில் `;` போடவேண்டியிருக்கும்.

திட்டத்தையும் நடந்ததையும் ஒரே பத்தியில் கூட்டுவதுதான் இதில் பயன். முன்பு மாதம் முடிந்த பிறகு கூட்டினோம், தாண்டியது தெரியும்போது தாண்டி முடிந்திருக்கும். இப்போது மாதத் தொடக்கத்திலேயே சனிக்கிழமைகளைத் திட்டமாக எழுதிவிடுகிறோம், ஐந்து சனிக்கிழமை மாதம் என்றால் முதல் நாளே 30 என்று தெரிந்துவிடும். நடுவில் யாராவது அரை மணி நேரம் கூடுதலாக நின்றால் மாதக் கடைசி எண்ணும் அரை மணி நேரம் கூடும்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. வேலை முடிந்தும் போன நேரத்தை எழுத மறந்தால் ஷீட் பழைய திட்டத்தையே உண்மை மாதிரி கூட்டிக்கொண்டிருக்கும், ஒரு சத்தமும் வராது. அதனால் தேதி கடந்தும் E காலியாக இருக்கிற வரிக்கு ஆரஞ்சு நிறம் வருகிற மாதிரி வைத்திருக்கிறேன்:

```
=AND($A2<>"", $A2<TODAY(), $E2="")
```

எச்சரிக்கை நிறத்தை 24-இல் மட்டும் வைத்தால் பயன் இல்லை, தெரியும்போது நேரம் போய்விட்டிருக்கும். மஞ்சளை 18-இல் வைத்திருக்கிறோம். எங்கள் வழக்கமான ஒரு நாள் வேலை ஆறு மணி நேரம், 18-இல் இருக்கிறவரை இன்னும் ஒரு தரம் கூப்பிட்டால் 24. உங்கள் வேலை நாள் எட்டு மணி நேரம் என்றால் மஞ்சள் 16-இல் இருக்கவேண்டும். போட்டு முடித்ததும் பொய்யாக ஓர் ஆள் எண்ணைச் சேர்த்து 23.75, 24, 24.25 என்று மாற்றி மாற்றிப் போட்டு எந்த நிறம் வருகிறது என்று பார்த்தேன். இதை ஒரு வருடத்துக்கு முன் செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மணி நேரத்தை எங்கே இருந்து எடுக்கிறோம் என்பதிலும் ஒரு திருத்தம். வெள்ளிக்கிழமை சாமந்தி மாலை கட்ட வருகிற S6 இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவார், ஆனால் வீட்டைவிட்டு வந்த தோஷத்துக்கு நாலு மணி நேரக் கூலி கொடுப்பது அத்தையின் வழக்கம். கூலிக் கவரைப் பார்த்து எழுதினால் மாதம் 16, உண்மையில் வேலை செய்தது 8. மறுபக்கம் S2. அத்தை மகன் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறார், அதுவும் அத்தையின் அதே பதிவின் கீழ்தான் ஓடுகிறது, புதன்கிழமைகளில் S2 அங்கே வேலை செய்கிறார், அங்கே தனி நோட்டு. இங்கே 14, அங்கே 11, இரண்டு நோட்டிலும் பத்திரமாகக் குறைவு. முதலாளி ஒருவரே என்பதால் 25. கூலிக் கவரை விட்டுவிட்டுக் கிடங்குக் கதவருகே ஒரே நோட்டு வைத்தோம், வருகிறவர் தானே நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவார், அதில் இருந்துதான் ஷீட்டுக்கு ஏறும்.

மஞ்சள் வந்தால் என்ன செய்வது என்பதில் அத்தைக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. ஐந்தாவது சனிக்கிழமை அந்த ஆளைக் கூப்பிடாமல் இருந்துவிட்டால் தாண்டாது என்றார் அவர். கணக்குக்கு அது சரி. ஆனால் S4 அக்காவுக்கு ஒரு சனிக்கிழமை என்பது 240 ரேண்ட், அவரை வீட்டில் உட்காரவைத்து நாங்கள் மிச்சம் பிடிப்பது ஒரு மாத யூஐஎஃப்பும் விடுப்பும் சேர்த்து நூறு ரேண்டுக்குக் கீழ். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை, அத்தையிடம் அதைத் திறந்து சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, வாராவாரம் வருகிற S2, S4 இரண்டு பேரையும் எந்த மாதமாக இருந்தாலும் உள்ளேயே சேர்த்துவிடு என்றார். இருவருக்கும் வேலை விவரம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டோம், மாதத்துக்கு மாதம் உள்ளே வெளியே என்று மாற்றுவதில்லை. மீதி நாலு பேருக்கு மணி நேரம் குறைவு, அவர்களுக்குத்தான் இப்போது மஞ்சள் நிறம் உண்மையில் வேலை செய்கிறது: மஞ்சள் வந்தால் யாரைக் கூப்பிடலாம் என்று அத்தை முதலில் என்னைக் கேட்பார், கூப்பிட்டே ஆகவேண்டும் என்றால் அந்த மாதம் அவர் பெயரையும் 7-ஆம் தேதி அறிக்கையில் சேர்க்கிறோம்.

ஆகஸ்டிலும் ஐந்து சனிக்கிழமை. முதல் பாதி ஆடி மாதம், கல்யாணம் குறைவு, அதனால் S1, S3 இரண்டு பேரும் 16, 23, 30 மட்டும் வந்தால் போதும், 18-இல் நிற்பார்கள். 30-ஆம் தேதி இரவு வரவேற்பு ஒன்று வந்திருக்கிறது, அவிழ்த்து முடிக்க நள்ளிரவு ஆகும். அதற்கு S3-ஐ வைத்தால் 21 வரை போகும், திட்டத்தில் அப்படியே எழுதிவிட்டேன்.